முட்டைச் சூடு கோழிக்கு உண்டு, நமக்கு உண்டா?

பங்குனி முடியும்போதே எங்கள் பெரியம்மா வீட்டில் முட்டை வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். ஆடி பிறந்து காற்று திரும்பிய பிறகுதான் மறுபடி அட்டை உள்ளே வரும். நடுவில் யாராவது ஆசைப்பட்டுக் கேட்டால் பதில் தயாராக இருக்கும். "இந்த வெயிலுக்கு முட்டையா? கட்டி வரும், நீர்க்கடுப்பு வரும், கண்ணு எரியும், வெளிக்குப் போறது சிரமமாயிரும்." இதில் ஒரு விலக்கும் உண்டு. வாத்து முட்டை கிடைத்தால் மட்டும் சாப்பிடலாம், அது குளிர்ச்சி.

பெரியம்மாவைக் கிண்டல் செய்வதற்காக இதை எழுதவில்லை. தமிழ்நாட்டில் பாதி வீடுகளிலாவது ஏறக்குறைய இதே விதிதான் நடக்கிறது. வட இந்தியாவிலும் முட்டையைக் குளிர்காலத்துப் பண்டமாகப் பார்ப்பவர்கள் நிறைய. இத்தனை பேர் இத்தனை காலமாகச் சொல்வதை "மூடநம்பிக்கை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டுப் போகிற இணையக் கட்டுரைகள் எனக்கு அலுத்துவிட்டன. உணவு உடம்பில் சூட்டை உண்டாக்கும் என்பது உண்மை. அதை அளக்கவும் முடியும். அளந்து பார்த்தால் எவ்வளவு வருகிறது, அது ஒரு மனிதரைத் தொந்தரவு செய்யப் போதுமா என்பதுதான் கேள்வி.

எந்த உணவைச் சாப்பிட்டாலும் அதைச் செரித்து, உறிஞ்சி, உடம்புக்கு ஏற்றபடி மாற்றிச் சேமிக்க உடம்பு வேலை செய்ய வேண்டும். அந்த வேலையில் செலவாகும் ஆற்றல் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். எல்லா உணவுக்கும் இது ஒரே அளவு இல்லை. புரதத்தில் உள்ள ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காடு வரை இப்படி வெப்பமாகப் போகிறது. மாவுச்சத்தில் 5 முதல் 10 விழுக்காடு. கொழுப்பில் அதிகம் போனால் 3 விழுக்காடுதான். ஆக, மூன்றிலும் சூடு கூடியது புரதம். முட்டை என்றாலே புரதம்தானே என்று பார்த்தால், பெரியம்மா சொல்வதில் ஏதோ இருக்கிறது என்றுதான் தோன்றும். எனக்கும் இந்த இடத்தில்தான் ஆர்வம் வந்தது.

சரி, கணக்குப் போடுவோம். ஓடு நீக்கிய 50 கிராம் முட்டையில் சுமார் 6 கிராம் புரதமும் 5 கிராம் கொழுப்பும் இருக்கும். மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். புரதத்திலிருந்து வருவது 25 கலோரி (உணவுப் பொட்டலத்தில் அச்சிடுகிற கலோரியைத்தான் சொல்கிறேன்). அதில் கால் பங்கு வெப்பமானால் 6 கலோரி. கொழுப்பிலிருந்து வருவது 45 கலோரி, அதில் வெப்பமாவது 1 கலோரி. மொத்தம் 7 கலோரி. அதுவும் சாப்பிட்ட உடனே வந்துவிடாது, மூன்று நான்கு மணி நேரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

இந்த 7 கலோரி பெரிதா சிறிதா? சும்மா பாயில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரின் உடம்பே மணிக்கு 60 கலோரிக்கு மேல் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. இதயம் அடிக்க, மூச்சு வாங்க, மூளை ஓட எல்லாமே சூடுதான். அப்படிப் பார்த்தால் ஒரு முட்டையின் சூடு, படுத்திருக்கிற ஒருவருடைய உடம்பு ஆறேழு நிமிடத்தில் உண்டாக்குகிற சூடு. இதை வெளியேற்ற 12 மில்லி வியர்வை ஆவியானால் போதும். மருந்து குடிக்கிற சின்னக் கரண்டியில் இரண்டரைக் கரண்டி. வெயிலில் பேருந்து நிறுத்தம் வரை நடந்து போய்வந்தாலே இதைப்போலப் பல மடங்கு வியர்த்துவிடும்.

உடம்பு எதையும் வெளியேற்றவே இல்லை, அத்தனையும் உள்ளேயே தங்கிவிடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், 60 கிலோ எடையுள்ளவரின் உடல் வெப்பநிலை ஒரு முட்டையால் 0.14 டிகிரி செல்சியஸ்தான் ஏறும். விடிகாலைக்கும் சாயங்காலத்துக்கும் இடையில் எல்லோருக்கும் உடல் வெப்பநிலை தானாகவே அரை டிகிரி ஏறி இறங்குகிறது. அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. இன்னொரு கணக்கும் சொல்கிறேன், இது எனக்குப் பிடித்தது. பிரிட்ஜிலிருந்து எடுத்த 5 டிகிரித் தண்ணீர் ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி குடித்தால், அதை 37 டிகிரிக்குக் கொண்டுவர உடம்பிலிருந்து 6 கலோரிக்குச் சற்று அதிகமாகப் போகும். முட்டையும் அந்த டம்ளரும் ஏறக்குறைய கழித்துக்கொண்டுவிடுகின்றன.

இப்போது தயிர்சாதத்துக்கு வருவோம். வெயில் காலத்தில் முட்டைக்குப் பதிலாகப் பெரியம்மா போடுவது அதைத்தான். ஒரு தட்டில் 300 கிராம் சாதம், 100 கிராம் தயிர் என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 450 கலோரி. பெரும்பகுதி மாவுச்சத்து, 10 கிராம் போலப் புரதம். மேலே போட்ட அதே முறையில் கணக்குப் போட்டால் செரிமானச் சூடு 35 கலோரியைத் தாண்டுகிறது. முட்டையைப் போல ஐந்து மடங்கு. வெப்பமானியிடம் கேட்டால், குளிர்ச்சி என்று நாம் சொல்லும் தயிர்சாதம்தான் அதிகச் சூடு! ஆனால் அந்த 35 கலோரியையும் நாம் உணர்வதில்லை, உடம்பு அதை அப்படியே தோல் வழியாகவும் வியர்வை வழியாகவும் தள்ளிவிடுகிறது. தோலுக்கு அடியில் ரத்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்து, வியர்வையைத் திறந்து மூடி, உடல் வெப்பத்தைச் சின்ன எல்லைக்குள் வைத்திருப்பதற்கு மூளையில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு பகுதி ஓயாமல் வேலை பார்க்கிறது. வெளியே 40 டிகிரி வெயிலைச் சமாளிக்கிற ஏற்பாட்டுக்கு ஒரு முட்டை பொருட்டே இல்லை.

இந்தக் கணக்கை நான் எங்கள் சித்தப்பாவிடம் சொன்னேன். அவருக்கு நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை. கேட்டுவிட்டுச் சிரித்தார். "தின்ற தீனி சூடு குடுக்கும்னு எங்களுக்கு நீ சொல்லித்தான் தெரியணுமா கண்ணு? சித்திரையில ஷெட்டுக்கு வந்து பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். பகல் பதினொரு மணிக்குத் தீவனத் தொட்டிகள் ஏறக்குறைய காலி. கோழிகள் கூண்டுக்குள் இறக்கையை உடம்பிலிருந்து விலக்கித் தொங்கவிட்டு, வாயைத் திறந்து வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. மேலே கூரையில் தண்ணீர் தெளிப்பான் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே ஃபாகர் பனி மாதிரி தூவிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு, "ஐயோ பாவம், தீனிகூடப் போடவில்லையே" என்றுதான் தோன்றும். தீனி விடிவதற்கு முன்பே ஒரு சுற்று போட்டாயிற்று, மீதி பொழுது சாய்ந்த பிறகுதான். காரணம், தின்ற தீனியின் சூடு சில மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். பத்து மணிக்குத் தின்றால் அந்த உச்சம் சரியாக உச்சிவெயிலோடு வந்து சேரும். வெளியிலிருந்து 40 டிகிரி, உள்ளிருந்து செரிமானச் சூடு, இரண்டும் ஒரே நேரத்தில். அப்படிப்பட்ட பகலில் கோழிகள் செத்து விழுவது பண்ணைக்காரர்கள் எல்லோரும் பார்த்ததுதான்.

நேரத்தை மாற்றுவதோடு விடுவதில்லை, தீவனக் கலவையும் மாறுகிறது. வெயில் காலத்தில் மக்காச்சோளம் போன்ற மாவுப்பொருளில் கொஞ்சத்தைக் குறைத்து எண்ணெய் சேர்க்கிறார்கள். கொழுப்புதானே சூடு குறைந்தது! சோயாப் புண்ணாக்கை அள்ளிக் கொட்டிப் புரதத்தைக் கூட்டாமல், மெத்தியோனின், லைசின் போன்ற அமினோ அமிலங்களைத் தனியாகத் தேவையான அளவுக்குச் சேர்த்து, மொத்தப் புரதத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். தேவைக்கு மேல் போகும் புரதத்தைக் கோழி உடைத்து வெளியேற்ற வேண்டும், அந்த வேலையும் சூடு. அதாவது, "புரதம் சூடு, வெயிலில் குறைத்துக்கொள்" என்று பெரியம்மா நமக்குச் சொல்கிற அதே விதியைத்தான் கால்நடை ஊட்டச்சத்து அறிவியல் கோழிக்குச் சொல்கிறது.

அப்படியானால் நமக்கு மட்டும் ஏன் அது பொருந்தாது? சித்தப்பாவின் பதில் ஒரே வரி. "கோழிக்கு வேர்க்காது கண்ணு."

அதுதான் முதல் காரணம். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. உடம்பு முழுக்க இறகுப் போர்வை வேறு. கடும் வெயிலில் பெரும்பாலும் மூச்சு வாங்கி, வாய் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன்னைக் குளிர்விக்க முடியும். அதன் உடம்பின் இயல்பான வெப்பநிலையே 41 டிகிரி, அதற்கு மேல் ஏற அதிக இடமில்லை. இரண்டாவது காரணம் அளவு. முட்டைக்கோழியின் எடை ஒன்றரைக் கிலோ. அது ஒரு நாளைக்குத் தின்பது சுமார் 110 கிராம் உலர்ந்த தீவனம். உடல் எடையில் 7 விழுக்காடு. 60 கிலோ மனிதர் அதே விகிதத்தில் சாப்பிட வேண்டுமானால் தினம் 4 கிலோவுக்கு மேல் அரிசி, பருப்பு, எண்ணெயை, சமைப்பதற்கு முந்தைய எடையில், உள்ளே தள்ள வேண்டும். அப்படித் தின்றுவிட்டு வியர்க்கவும் முடியாமல் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால், நமக்கும் உணவுச் சூடு உயிர்ப் பிரச்சினையாகத்தான் இருக்கும்.

வெயில் முட்டையையும் பாதிக்கிறது, அதையும் அங்கேதான் பார்த்தேன். கோழி மூச்சு வாங்க வாங்க ரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறுகிறது. முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். அதில் கார்பனேட் பாதி உருவாவதற்கு அந்த வாயுதான் மூலப்பொருள். அது குறைந்தால் எவ்வளவு கிளிஞ்சல் போட்டாலும் ஓடு சரியாகப் பிடிக்காது. அதனால்தான் சித்திரை, வைகாசியில் அட்டையில் உடைந்த முட்டை கூடுகிறது. முட்டை சிறுத்தும் போகும், கோழி குறைவாகத் தின்கிறதல்லவா. அந்தச் சமயத்தில் குடிதண்ணீரில் சோடா உப்பு கலந்து கொடுப்பதும் இதற்காகத்தான்.

சரி, உடம்புச் சூட்டைக் கணக்கு கூட்டவில்லை. ஆனால் பெரியம்மா சொன்ன பட்டியலில் இருப்பவை பொய் இல்லையே. கட்டி வருகிறது, நீர்க்கடுப்பு வருகிறது, வயிறு கெடுகிறது. இவை எல்லாமே வெயில் காலத்தில் கூடுகின்றன. கூடவே முட்டையும் சாப்பிட்டிருந்தால் பழி அதன் மேல் விழுகிறது. முட்டை சாப்பிட்டுக் கட்டி வராமல் போன நாட்களை யார் நினைவு வைத்துக்கொள்கிறார்கள்? ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் காரணமும் தனித்தனியாக இருக்கிறது.

சூட்டுக்கட்டி என்பது பெரும்பாலும் ஸ்டெபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா முடிக்காலுக்குள் புகுந்து சீழ் வைப்பது. அந்தப் பாக்டீரியா பலருடைய தோலிலும் மூக்கிலும் எப்போதும் குடியிருக்கிறது. வியர்வையில் ஊறி, இறுக்கமான துணி உரசித் தோல் கொஞ்சம் பிய்ந்தால் அதற்கு வழி கிடைத்துவிடும். கட்டி வருகிற இடங்களைப் பாருங்கள்: அக்குள், தொடை இடுக்கு, பிட்டம், பிடரி. எல்லாமே வியர்த்து உரசும் இடங்கள். முட்டையின் வேலையாக இருந்தால் உள்ளங்கையிலும் வர வேண்டுமே. வியர்த்த துணியை மாற்றுவதும் இரண்டு வேளை குளிப்பதும் முட்டையை நிறுத்துவதைவிடப் பயன் தரும். கட்டி ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று என்று வந்துகொண்டே இருந்தால் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும். "சூட்டு உடம்பு" என்று ஆண்டுக்கணக்கில் சமாளித்துவிட்டுக் கடைசியில் சர்க்கரை என்று தெரிந்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

நீர்க்கடுப்பு தண்ணீர்க் கணக்கு. உடம்பு வியர்வைக்குத் தண்ணீரைச் செலவழித்துவிட்டதால் சிறுநீர் குறைந்து, அடர்ந்து, போகும்போது எரிகிறது. இதில் முட்டைக்கு ஒரு சின்னப் பங்கு உண்டு. புரதம் உடையும்போது யூரியா வருகிறது, அதைக் கரைத்து வெளியேற்றத் தண்ணீர் வேண்டும். ஒரு முட்டைக்கு அந்தத் தேவை கால் டம்ளருக்குள் அடங்கிவிடும், முட்டையிலேயே முக்கால் பங்கு தண்ணீர்தான் என்பதால் பெரும்பகுதியை அதுவே கொண்டுவந்துவிடுகிறது. சிறுநீரின் நிறம் வைக்கோல் போல வெளிறியிருந்தால் தண்ணீர் போதுமான அளவு போகிறது, அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை. எரிச்சலோடு காய்ச்சலோ ரத்தமோ வந்தால் அது தொற்றாக இருக்கலாம். மோர் குடித்துக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மலச்சிக்கலில் பெரியம்மாவுக்குக் கொஞ்சம் மதிப்பெண் கொடுக்கலாம். முட்டையில் நார்ச்சத்து துளியும் இல்லை. வெள்ளைச் சோறு, முட்டைப் பொரியல், தொட்டுக்கொள்ளக் காய் இல்லை, குடித்த தண்ணீரும் குறைவு என்று நாலு நாள் ஓடினால் மூலம் இருப்பவர்களுக்குத் தொந்தரவுதான். ஆனால் அது காயும் தண்ணீரும் இல்லாததன் குறை. முட்டையோடு கூடப் போகும் மிளகையும் மிளகாயையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மிளகாயில் உள்ள கேப்சைசின், சூட்டை உணர்கிற அதே நரம்பு ஏற்பியைத்தான் தட்டுகிறது. முகம் சிவந்து நெற்றி வேர்ப்பது அதனால்தான். காரசாரமாக முட்டை மசாலா செய்து சாப்பிட்டுவிட்டு "பார், எப்படிச் சூடு ஏறுகிறது" என்று முட்டையைக் கைகாட்டுகிறோம்.

வயிற்றுக் கோளாறுதான் இந்தப் பட்டியலில் உண்மையிலேயே முட்டையோடு தொடர்புள்ளது. இந்த நம்பிக்கை எங்கிருந்து வலுப்பெற்றிருக்கும் என்று யோசிக்கும்போது எனக்குப் படுவதும் இதுதான். இது என் ஊகம், நிரூபணம் இல்லை. பண்ணை முட்டை வீட்டுக்கு வீடு வருவதற்கு முன்பு எல்லோரும் சாப்பிட்டது நாட்டுக்கோழி முட்டை. கூடவே சேவல் திரியும், ஆகவே முட்டையில் கரு இருக்கும். கோழி அடைகாக்கும் வெப்பம் 38 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் கரு மெல்ல வளரத் தொடங்குவதற்கு அவ்வளவுகூடத் தேவையில்லை, 21 டிகிரியைத் தாண்டினாலே போதும். கரூரிலோ ஈரோட்டிலோ ஓட்டு வீட்டுச் சமையலறையில் சித்திரை மாதத்து வெக்கை எவ்வளவு இருக்கும்? கோழி உட்காராமலேயே அந்த வெக்கையில் முட்டை பாதி அடைகாக்கப்படுகிறது. இரண்டு மூன்று நாளில் உள்ளே ரத்த நாளம் ஓடிவிடும். வெப்பம் சீராக இல்லாததால் அந்தக் கரு குஞ்சாகவும் ஆகாது, செத்துக் கெட்டுப்போகும். ஊரில் கூமுட்டை என்று திட்டுகிறோமே, அதேதான். பிரிட்ஜ் இல்லாத காலத்தில், கோடையில் முட்டை சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். "வெயிலில் முட்டை வேண்டாம்" என்ற விதி அந்தக் காலத்துக்கு மோசமான விதி இல்லை.

பண்ணை முட்டைக்குக் கரு கிடையாது, கூண்டுப் பக்கம் சேவலே இல்லை. ஆனாலும் வெயிலில் கடை வாசலில் கிடக்கும் முட்டை சீக்கிரம் பழசாகும். ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரமும் கரியமில வாயுவும் வெளியேற, வெள்ளைக்கரு நீர்த்துப்போகும், மஞ்சள் கருவைச் சுற்றியுள்ள சவ்வு தளரும். சட்டியில் உடைத்தால் மஞ்சள் உருண்டையாக நிமிர்ந்து நிற்காமல் பரவிவிட்டால் முட்டை பழசு என்று அர்த்தம். உடைப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள, தண்ணீரில் போட்டுப் பார்க்கும் வழி எல்லோருக்கும் தெரியும்: படுத்தால் புதுசு, நட்டுக்குத்தலாக நின்றால் பழசு, மிதந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். நாட்டு முட்டையென்றால் இருட்டு அறையில் கைப்பேசி டார்ச்சை அதன் அகன்ற பக்கத்தில் ஒட்டிப் பிடியுங்கள். சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு ஓடிவிட்டது.

இந்தச் சோதனைகளுக்கு ஓர் எல்லை உண்டு. இவை முட்டையின் வயதைத்தான் சொல்லும், சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கிறதா என்று சொல்லாது. அது இருக்கும் முட்டை பார்க்கவும் முகரவும் புத்தம் புதிதாகவே இருக்கலாம். வெதுவெதுப்பு அதற்குப் பிடித்தமான சூழல், ஆகவே கோடையில் ஆபத்து கூடுதல். வெள்ளையும் மஞ்சளும் இரண்டுமே கெட்டியாகும்வரை வேகவைத்தால் பாக்டீரியா பிழைக்காது. எங்கள் பக்கத்துக் கலக்கியும் ஆஃப்பாயிலும் அந்த வெப்பத்தை எட்டுவதில்லை. கலக்கி எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் கோடையில் யார் கடையில், எப்போது வாங்கிய முட்டை என்று தெரியாமல் நான் சாப்பிடுவதில்லை. கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் எந்தக் காலத்திலும் தவிர்ப்பது நல்லது. வேகவைத்த முட்டையையும் வெளியே வைத்தால் இரண்டு மணி நேரம்தான் கணக்கு, 32 டிகிரிக்கு மேல் போகும் நாளில் ஒரு மணி நேரம். காலையில் டிபன் டப்பாவில் அடைத்துக் கொடுத்து, மதியம் ஒரு மணிக்குத் திறந்து சாப்பிடும் முட்டை வயிற்றைக் கலக்கினால் அதைச் சூடு என்கிறோம். சால்மோனெல்லா உள்ளே போய் வேலையைக் காட்டுவதற்கு 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரை ஆகலாம் என்பதால், எதைச் சாப்பிட்டு வந்தது என்று நாம் கண்டுபிடிப்பதும் பெரும்பாலும் குருட்டாம்போக்குதான்.

முட்டை சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்புத் தடிப்பாக அரிப்பு, உதடு வீக்கம், வாந்தி வருகிறதென்றால் அது வேறு கதை. அது ஒவ்வாமை, மார்கழியிலும் அதேபோல வரும். சின்னக் குழந்தைகளிடம்தான் அதிகம் பார்க்கலாம். அதைச் சூடு என்று நினைத்து மழைக்காலத்தில் மறுபடி கொடுத்துப் பார்ப்பது ஆபத்து. மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனை.

வாத்து முட்டையை விட்டுவிட்டேன். வாத்து முட்டை சுமார் 70 கிராம், புரதம் 9 கிராம், கொழுப்பு அதற்கும் சற்று அதிகம். செரிமானச் சூட்டுக் கணக்கில் கோழி முட்டையைப் போல ஒன்றரை மடங்கு. மூலத்துக்கு நல்லது, குளிர்ச்சி என்று சந்தையில் தேடி வாங்குகிறார்கள். வாத்து தண்ணீரில் திரிகிற பறவை, அதன் முட்டையும் குளிர்ச்சி என்று ஆகியிருக்கலாம். இந்தச் சூடு, குளிர்ச்சி வரிசை வெப்பத்தை அளந்து போட்ட வரிசை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. கொலஸ்ட்ரால் வாத்து முட்டையில் கோழி முட்டையைப் போல மூன்று மடங்கு, குளிர்ச்சி என்று நாலைந்தாக உள்ளே தள்ளுகிறவர்களுக்கு அதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜிம்முக்குப் போகும் என் மாமா மகன் கேட்டான்: "ஒரு முட்டைக்குத்தானே கணக்கு சொன்னே, நான் தினம் பத்து சாப்பிடறேனே?" நியாயமான கேள்வி. பத்து முழு முட்டைக்கு 70 கலோரி கூடுதல் சூடு. ஒரே வேளையில் சாப்பிட்டால் அடுத்த சில மணி நேரத்துக்கு உடம்பின் வழக்கமான வெப்ப உற்பத்தி கால் பங்கு போலக் கூடியிருக்கும். மின்விசிறி நின்ற அறையில் அது கொஞ்சம் தெரியவும் கூடும். யூரியாவுக்கான தண்ணீரும் இரண்டு மூன்று டம்ளராக ஏறிவிடும். அதை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, உச்சிவெயிலை விட்டுக் காலையிலும் இரவிலும் சாப்பிட்டால் தீர்ந்தது. சித்தப்பா கோழிக்குச் செய்வதும் அதுதானே! அவனுக்கு நான் சொன்னது இன்னொன்று: அந்த 70 கலோரிச் சூட்டை அவன் ஜிம்மில் கால் மணி நேரத்துக்குள் உண்டாக்கிவிடுகிறான், அதைப் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் இல்லை.

பெரியவர்கள் கோடையில் முட்டையை விட்டுவிட்டால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை, பெரியம்மாவோடு நான் சண்டை போடுவதும் இல்லை. எனக்கு உறுத்துவது சின்னக் குழந்தைகளின் தட்டு. நாலு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய புரதம் சுமார் 16 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே முட்டையில் வந்துவிடுகிறது. பள்ளி நடக்கும் மாதங்களில் சத்துணவில் முட்டை கிடைக்கும் குழந்தைக்கு, விடுமுறை விட்டதும் அதுவும் இல்லை, வீட்டிலும் சூடு என்று இல்லை. முட்டை வேண்டாமென்றால் வேண்டாம், ஆனால் அந்த 6 கிராமை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். ஒரு டம்ளர் பால், அல்லது 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டல், அல்லது அதே அளவு பாசிப்பருப்பைக் கெட்டியாக வேகவைத்துச் சோற்றில் பிசைந்தது. இதில் ஏதாவது ஒன்று நடந்தால் போதும். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் முட்டை போன இடத்துக்கு வருவது கலர் சர்பத்தும் குச்சி ஐஸும்தான், அதில் புரதம் ஒரு கிராம்கூட இல்லை.